மூன்று நாட்டு டீமுக்கு ஒரே மீட்டிங் நேரம்: பிளானரில் எதைப் போடுவது, எதைச் சரிபார்ப்பது

கேள்வி: எங்கள் டீம் இந்தியா, லண்டன், நியூயார்க் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. மீட்டிங் பிளானரில் போட்டுப் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான நேரம் ஒன்றுமே வரவில்லை. எப்படியோ ஒரு நேரத்தை முடிவு செய்தாலும் மார்ச் மாதம் வந்ததும் குழம்பிவிடுகிறது. அடுத்து சிட்னியிலும் ஆட்கள் சேரப்போகிறார்கள். இதை எப்படித்தான் அமைப்பது?

பதில்:

மூன்று ஊருக்கும் காலை 9 முதல் மாலை 6 வரை என்று போட்டிருந்தால் பிளானர் காட்டியது சரிதான். அந்தக் கணக்கில் பொது நேரம் கிடையாது. ஜனவரியில் இந்தியாவின் மாலை 6 மணி, உலகப் பொது நேரமான யுடிசியில் 12:30. நியூயார்க்கின் காலை 9 மணி யுடிசியில் 14:00. இடையில் ஒன்றரை மணி நேரம் விழுகிறது. ஜூலையில் நியூயார்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போயிருப்பதால் அந்த இடைவெளி அரை மணியாகக் குறையும், ஆனால் மூடாது. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது பிளானருக்குள் நீங்கள் கொடுக்கும் வேலை நேரத்தை.

ஒவ்வொருவரிடமும் இரண்டு நேரம் கேட்டு வாங்குங்கள். ஒன்று அவர்களுடைய வழக்கமான வேலை நேரம். மற்றொன்று, வாரத்தில் ஒருநாள் என்றால் எவ்வளவு சீக்கிரம் தொடங்க முடியும், எவ்வளவு தாமதமாக முடிக்க முடியும் என்பது. இரண்டாவதை நீட்டிப்பு நேரம் என்று வைத்துக்கொள்வோம். இதை அவரவரே சொல்ல வேண்டும். "ராத்திரி எட்டரை வரை இருப்பார்கள்" என்று மேலாளர் ஊகித்துப் போட்ட எல்லையில் வைத்த மீட்டிங்குக்கு இரண்டு மாதத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

கணக்குக்காக இப்படி எடுத்துக்கொள்கிறேன். இந்தியா: வழக்கமாக 9:30 முதல் 18:30 வரை, நீட்டினால் 20:30 வரை. லண்டன்: 9:00 முதல் 17:30 வரை, நீட்டிப்பு இல்லை. நியூயார்க்: 9:00 முதல் 17:00 வரை, நீட்டினால் காலை 8:00 முதல்.

எல்லாவற்றையும் யுடிசிக்கு மாற்றி ஒரே கோட்டில் வைத்தால் கணக்கு எளிது. தொடக்க நேரங்களில் எது கடைசியோ அங்கே பொது நேரம் தொடங்கும், முடியும் நேரங்களில் எது முதலோ அங்கே முடியும். ஜனவரியில் கடைசியாகத் தொடங்குவது நியூயார்க், நீட்டிப்போடு யுடிசி 13:00. முதலில் முடிப்பது இந்தியா, நீட்டிப்போடு யுடிசி 15:00. ஆக பொது நேரம் இரண்டு மணி: இந்தியாவில் 18:30 முதல் 20:30, லண்டனில் 13:00 முதல் 15:00, நியூயார்க்கில் 8:00 முதல் 10:00. ஜூலையில் நியூயார்க்கின் காலை 8 மணி யுடிசி 12:00க்கு வந்துவிடுகிறது. இந்திய எல்லை நகராததால் பொது நேரம் மூன்று மணியாக விரிகிறது.

இங்கே இரண்டு இடத்தில் பிளானர்கள் ஏமாற்றும். முதலாவது, ஒரு மணி நேரக் கட்டங்களாகக் காட்டும் பிளானர். இந்தியா யுடிசியிலிருந்து ஐந்தரை மணி நேரம் தள்ளி இருப்பதால், யுடிசி 12:00 கட்டம் இந்தியாவில் 17:30 முதல் 18:30 வரை. ஆறு மணிக்கு வேலை முடிப்பவருக்கு அந்தக் கட்டத்தில் பாதிதான் வேலை நேரம். ஆனால் கட்டம் முழுவதும் பச்சையாகவோ முழுவதும் சிவப்பாகவோ காட்டப்படும். கட்டத்தின் அளவை மாற்ற வசதி இருந்தால் 30 நிமிடம் வையுங்கள். நேபாளத்தில் யாராவது இருந்தால் 15 நிமிடம் வேண்டும், ஏனென்றால் அங்கே 5 மணி 45 நிமிட வித்தியாசம்.

இரண்டாவது, விளிம்பில் தொடும் நேரம். ஜூலையில் இந்தியாவின் வழக்கமான நேரம் யுடிசி 13:00க்கு முடிகிறது, நியூயார்க்கின் வழக்கமான நேரம் அதே 13:00க்குத் தொடங்குகிறது. சில ஸ்ப்ரெட்ஷீட்களும் சிறு செயலிகளும் இதைப் பொது நேரம் என்று காட்டிவிடும், ஏனென்றால் "தொடக்கம் முடிவுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால்" என்று எழுதியிருப்பார்கள். அங்கே ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்த மீதி, மீட்டிங்கின் நீளத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்றுதான் சோதிக்க வேண்டும்.

இனி மார்ச் குழப்பம். பிளானர் காட்டுவது நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு தேதியின் படத்தை மட்டும்தான். உங்கள் மூன்று ஊருக்கு வருடத்தில் நான்கு முறை அந்தப் படம் மாறும். இந்தியா கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அமெரிக்கா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளி, நவம்பரின் முதல் ஞாயிறு பின்னே தள்ளுகிறது. பிரிட்டன் மார்ச்சின் கடைசி ஞாயிறு தள்ளி, அக்டோபரின் கடைசி ஞாயிறு திருப்புகிறது. 2026இல் அந்தத் தேதிகள் மார்ச் 8, மார்ச் 29, அக்டோபர் 25, நவம்பர் 1. ஆக மார்ச்சில் மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஐந்து மணிக்குப் பதிலாக நான்கு மணி நேர வித்தியாசம்தான். மார்ச் இடைவெளி எல்லா வருடமும் மூன்று வாரம் அல்ல. 2027இல் அமெரிக்கா மார்ச் 14, பிரிட்டன் மார்ச் 28 என்பதால் இரண்டு வாரம்தான்.

எனவே பிளானரில் நான்கு தேதிகளைப் போட்டுப் பாருங்கள்: ஜனவரி நடு, மார்ச் 17, ஜூலை நடு, அக்டோபர் 27. நான்கிலும் எல்லோருடைய எல்லைக்குள்ளும் வரும் நேரம்தான் வருடம் முழுக்க நிற்கும். இன்றைய தேதியில் மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் மார்ச்சில் மீட்டிங் சிதறுவதற்கு முதல் காரணம்.

அடுத்த காரணத்தை யாரும் பேசுவதே இல்லை: மீட்டிங் எந்த ஊரின் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது. வாராந்தர மீட்டிங்கைக் கேலண்டரில் உருவாக்கும்போது அதற்கு ஒரு நேர மண்டலம் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அது உருவாக்கியவரின் ஊராக இருக்கும். அந்த ஊருக்கு நேரம் மாறாது, மற்ற எல்லோருக்கும் மாறும். இந்திய நேரம் 18:30க்குக் கட்டினால் என்ன ஆகும், நியூயார்க் நேரம் 8:00க்குக் கட்டினால் என்ன ஆகும் என்று 2026ஆம் ஆண்டை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

| காலம் (2026) | இந்தியா 18:30 என்று கட்டினால் | நியூயார்க் 8:00 என்று கட்டினால் |
|---|---|---|
| ஜனவரி 1 – மார்ச் 7 | லண்டன் 13:00, நியூயார்க் 8:00 | லண்டன் 13:00, இந்தியா 18:30 |
| மார்ச் 8 – மார்ச் 28 | லண்டன் 13:00, நியூயார்க் 9:00 | லண்டன் 12:00, இந்தியா 17:30 |
| மார்ச் 29 – அக்டோபர் 24 | லண்டன் 14:00, நியூயார்க் 9:00 | லண்டன் 13:00, இந்தியா 17:30 |
| அக்டோபர் 25 – அக்டோபர் 31 | லண்டன் 13:00, நியூயார்க் 9:00 | லண்டன் 12:00, இந்தியா 17:30 |
| நவம்பர் 1 முதல் | லண்டன் 13:00, நியூயார்க் 8:00 | லண்டன் 13:00, இந்தியா 18:30 |

இரண்டும் எல்லோருடைய எல்லைக்குள்ளும்தான் இருக்கின்றன, யாரும் விதியை மீறவில்லை. ஆனால் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். இந்திய நேரத்துக்குக் கட்டினால் இந்தியர்கள் 52 வாரமும் நீட்டிப்பு நேரத்தில் உட்கார வேண்டும், நியூயார்க் ஆட்கள் குளிர்கால 18 வாரம் மட்டும். நியூயார்க் நேரத்துக்குக் கட்டினால் அப்படியே தலைகீழ். கடிகாரம் மாறாமல் இருப்பது வசதி என்று தோன்றும், ஆனால் மாறாத அந்த ஊர்தான் வருடம் முழுவதும் விலை கொடுக்கிறது. மீட்டிங்கை யார் உருவாக்கினார் என்ற தற்செயல் இதைத் தீர்மானிக்கக் கூடாது.

குளிர்காலத்தில் முழுச் சுமையையும் இந்தியா மீதே போட்டு 19:30 முதல் 20:30 வரை உட்கார வைக்காவிட்டால், இரு பக்கமும் நீட்டித்துத்தான் ஆக வேண்டும். யார் நீட்டிப்பது என்று மாற்றி மாற்றி வைக்க இடம் இருப்பது அமெரிக்கக் கோடைகால நேரம் நடக்கும் 34 வாரத்தில். அதில் இந்தியா 17:30 / நியூயார்க் 8:00 என்று வைத்தால் நியூயார்க் நீட்டிக்கிறது, இந்தியா 18:30 / நியூயார்க் 9:00 என்று வைத்தால் இந்தியா நீட்டிக்கிறது. என் பரிந்துரை, அந்த 34 வாரத்தை இரண்டு 17 வாரமாக வெட்டுவது. மார்ச் 8 முதல் ஜூலை 4 வரை ஒரு தொடர், ஜூலை 5 முதல் அக்டோபர் 31 வரை இன்னொரு தொடர். இரண்டுக்கும் முடியும் தேதி போட்டுத் தனித்தனித் தொடர் மீட்டிங்காக உருவாக்குங்கள். ஒரே தொடரை நடுவில் இழுத்து நகர்த்தினால் "இனி வரும் எல்லாவற்றுக்கும்" என்பதற்குப் பதிலாக ஒரு நாளுக்கு மட்டும் மாறிவிடும் விபத்து அடிக்கடி நடக்கிறது.

லண்டன்காரர்களை மறந்துவிட வேண்டாம். அவர்களுக்கு இரண்டு ஏற்பாடும் வேலை நேரத்துக்குள் வருவதால் பிரச்சினையே இல்லை என்று தோன்றும். ஆனால் மீட்டிங் செவ்வாய்தோறும் என்று வைத்துக்கொண்டால், நியூயார்க்கோடு கட்டியது 2026 மார்ச் 10, 17, 24, அக்டோபர் 27 ஆகிய செவ்வாய்களில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, 12 மணிக்கு உள்ளூரில் ஏற்கெனவே இருக்கும் மீட்டிங்கின் மேல் உட்காரும். யாரோ ஒருவர் வராதபோதுதான் தெரியவரும். கேலண்டரில் அந்த நான்கு தேதிகளுக்கு இன்றே போய், லண்டன் ஆட்களின் பக்கத்தில் மோதல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்ப் பெயரால் தேர்ந்தெடுங்கள்: Europe/London, America/New_York, Asia/Kolkata. பட்டியலில் GMT என்றும் EST என்றும் தனியாக இருக்கும். லண்டன் என்று நினைத்து GMT போட்டால் குளிர்காலம் முழுக்கச் சரியாக இருக்கும், மார்ச் 29க்குப் பிறகு ஒரு மணி நேரம் பிசகும். EST போட்டால் மார்ச் 8 முதல் அதே கதை. அரை வருடம் சரியாக ஓடிய பிழை என்பதால் யாரும் அங்கே தேடமாட்டார்கள், அழைப்பை அனுப்பியவரைத்தான் சந்தேகிப்பார்கள்.

கேலண்டர் உண்மையில் எதைச் சேமித்திருக்கிறது என்று தெரிய, அந்த மீட்டிங்கை .ics கோப்பாக இறக்கி ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். இப்படி ஒரு வரி இருக்கும்:

```
DTSTART;TZID=America/New_York:20260106T080000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
```

இது நியூயார்க் கடிகாரத்தோடு கட்டியது. வருடம் முழுக்க அங்கே 8 மணிதான். அதற்குப் பதிலாக இப்படி இருந்தால்:

```
DTSTART:20260106T130000Z
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
```

கடைசியில் உள்ள Z யுடிசியைக் குறிக்கிறது. முதல் மீட்டிங் இரண்டிலும் ஒரே நேரத்தில்தான் வரும். மார்ச் 10 அன்று முதலாவது நியூயார்க்கில் 8:00க்கு நிற்கும், இரண்டாவது 9:00க்குப் போய்விடும். வேறு செயலியிலிருந்து ஏற்றுமதி செய்து கொண்டுவந்த மீட்டிங்குகளில் இந்த Z வடிவம் வந்திருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள்.

நான்கு தேதிகளையும் கையால் போட்டுப் பார்க்க அலுப்பாக இருந்தால், பைத்தான் 3.9 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கும் கணினியில் இது போதும்:

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

anchor = ZoneInfo("Asia/Kolkata")
places = ["Asia/Kolkata", "Europe/London", "America/New_York"]
for m, d in [(1, 13), (3, 17), (7, 14), (10, 27)]:
    t = datetime(2026, m, d, 18, 30, tzinfo=anchor)
    print(t.date(), [t.astimezone(ZoneInfo(p)).strftime("%a %H:%M")
                     for p in places])
```

மேலே உள்ள அட்டவணையின் நடுப் பத்தி அப்படியே வரும். `anchor` வரியில் ஊரையும், 18, 30 என்ற இடத்தில் நேரத்தையும் மாற்றினால் அடுத்த ஏற்பாட்டைச் சோதிக்கலாம். கிழமையையும் அச்சிடச் சொல்லியிருப்பது சிட்னியைச் சேர்க்கும்போது உதவும். விண்டோஸில் ஊர்ப் பெயரே கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் `pip install tzdata` ஒருமுறை கொடுங்கள்.

இப்போது சிட்னி. பிளானரில் நான்காவது வரிசையாகச் சேர்ப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டால் முடியுமா முடியாதா என்று உடனே தெரியும். எல்லா ஊர்களையும் 24 மணி நேர வட்டத்தில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகப் பெரிய இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். அதை 24இலிருந்து கழித்தால் டீம் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று வரும். ஒவ்வொருவரும் ஒரே கடிகார நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிப்பதாக வைத்தால், ஒவ்வொருவரின் நாளும் அந்தப் பரப்போடு மீட்டிங் நீளத்தைக் கூட்டிய அளவு திறந்திருக்க வேண்டும்.

ஜனவரியில் நியூயார்க் யுடிசி −5, லண்டன் 0, இந்தியா +5:30, சிட்னி +11. இடைவெளிகள் 5, 5:30, 5:30, பிறகு சிட்னியிலிருந்து சுற்றி நியூயார்க் வரை 8. பெரியது 8, ஆகவே பரப்பு 16 மணி. ஒரு மணி நேர மீட்டிங்குக்கு எல்லோரும் 17 மணி நேரம் திறந்திருக்க வேண்டும்: நியூயார்க்கில் காலை 6, சிட்னியில் இரவு 10 முதல் 11. ஜூலையில் சிட்னி +10க்கும் நியூயார்க் −4க்கும் வந்து பரப்பு 14 ஆகும். அப்போது நியூயார்க் காலை 7, சிட்னி இரவு 9. எப்போதாவது ஒருமுறை செய்யலாம், வாராவாரம் செய்யக் கூடாது. பிளானர் அதை மஞ்சள் கட்டமாகக் காட்டினாலும் என் பதில் இதுதான்.

நான்கு ஊரையும் ஒரே மீட்டிங்கில் திணிப்பதை விட்டு, இரண்டாகப் பிரியுங்கள். மேலே சொன்ன மூன்று ஊர் மீட்டிங் அப்படியே இருக்கட்டும். சிட்னிக்கும் இந்தியாவுக்கும் தனியாக ஒன்று. சிட்னியின் வேலை நேரம் 9:00 முதல் 17:30 என்றால், ஜனவரியில் இருவருக்கும் பொதுவானது இந்திய நேரம் 9:30 முதல் 12:00 வரை, ஜூலையில் 13:00 வரை. யாருமே நீட்டிக்கத் தேவையில்லை. இந்திய நேரம் 10:30க்குக் கட்டினால் சிட்னியில் கோடையில் 16:00, குளிர்காலத்தில் 15:00. இந்தியாவிலிருந்து ஒருவர் இரண்டிலும் இருந்து செய்தியைக் கடத்துவார். செவ்வாய் மாலை மூன்று ஊர் மீட்டிங், புதன் காலை சிட்னியோடு என்று வரிசைப்படுத்தினால் முடிவுகள் சூடு ஆறாமல் போய்ச் சேரும். அந்த ஒருவருக்குச் செவ்வாய் இரவும் புதன் காலையும் அடுத்தடுத்து வருவதால், அந்தப் பொறுப்பை மாதம் ஒருவர் என்று சுற்றிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் இந்தப் பகுதி கடிகாரத்தை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எதிர்த் திசையில் மாற்றுவதையும் தேதிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2026இல் ஏப்ரல் 5 அன்று பின்னே, அக்டோபர் 4 அன்று முன்னே. பிரிஸ்பேன் மாற்றுவதே இல்லை. ஆகவே சிட்னிக்காரர் ஒருவர் பிரிஸ்பேனிலிருந்து வேலை செய்தால் அவருக்கு Australia/Brisbane என்று தனி வரிசை வேண்டும்.

கடைசியாக, இந்த விதிகளை அரசுகள் மாற்றுவதுண்டு. கஜகஸ்தான் 2024 மார்ச் 1 அன்று நாடு முழுவதையும் யுடிசி +5க்குக் கொண்டுவந்தது. எகிப்து 2023இல் கோடைகால நேரத்தை மீண்டும் தொடங்கியது. பிளானரின் உள்ளே இருக்கும் மண்டலத் தரவு பழையதா என்று பார்க்க இவையே நல்ல சோதனை. ஜூலைத் தேதி ஒன்றில் Africa/Cairo போட்டால் யுடிசி +3 வர வேண்டும், Asia/Almaty போட்டால் +5 வர வேண்டும். +2 என்றோ +6 என்றோ வந்தால் அந்தப் பிளானரின் தரவு புதுப்பிக்கப்படவில்லை. வேறொன்றுக்கு மாறுங்கள்.